கடை மூடும் அரை மணி நேரம்: அல்சூர் நகைக்கடை ஒன்றின் காப்பீட்டுக் கோரிக்கை

2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. ஆடிப்பெருக்கு. பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள அந்த நகைக்கடையில் காலையிலிருந்தே கூட்டம். தாலிக்கு உரு கோக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரு பக்கம், அடுத்த வெள்ளிக்கிழமை வரும் வரமகாலட்சுமி பூஜைக்கு வெள்ளி முகமும் குத்துவிளக்கும் வாங்க வந்தவர்கள் இன்னொரு பக்கம். தமிழ்நாட்டுக் கடைக்காரர்களுக்கு ஆடி மந்தமான மாதமாக இருக்கலாம். பெங்களூருவில் அப்படியில்லை, வருடத்தில் வெள்ளிச் சரக்கு கடையை நிறைக்கும் வாரம் அதுதான்.

இரவு பத்தரைக்கு ஷட்டர் இறங்கியது. மறுநாள் காலை திறந்தபோது, பக்கத்துக் காலிக் கடையின் பொதுச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. பறிபோனதும் உடைந்ததுமாக மொத்த இழப்பு 1 கோடியே 13 லட்சம் ரூபாய். காப்பீட்டின் வழியாகத் திரும்பி வந்தது 16 லட்சத்து 27 ஆயிரத்து 500. இழப்பை மதிப்பிடும் சர்வேயராக நான் அந்தக் கோப்பைப் பார்த்தேன். கடையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் எண்களை முழுமைப்படுத்தியும் எழுதுகிறேன். அந்த இடைவெளி எங்கே உண்டானது என்பதை ஒவ்வொரு நகைக்கடைக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாலிசியில் என்ன இருந்தது

கடையில் இருந்தது ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசி. இது நான்கு பிரிவுகள் கொண்டது. முதல் பிரிவு, கடைக்குள் இருக்கும் சரக்கு. இரண்டாவது, உரிமையாளரோ ஊழியரோ வெளியே கையில் எடுத்துச் செல்லும் சரக்கு. மூன்றாவது, தபால், விமானம் போன்றவற்றில் அனுப்பப்படும் சரக்கு. நான்காவது, ஷோகேஸ், மேஜை, நாற்காலி, மற்ற பொருத்துகள். இந்தக் கோரிக்கை முதல் பிரிவையும் நான்காவது பிரிவையும் மட்டும் தொட்டது.

முதல் பிரிவின் காப்புத் தொகை 2.5 கோடி. தீ, கன்னம் வைத்துத் திருடுதல், கொள்ளை, கலவரம் எல்லாம் அதில் அடங்கும். உரிமையாளர் பல வருடங்களாகப் பாலிசியைத் தவறாமல் புதுப்பித்து வந்தவர். பிரீமியம் ஒருநாள்கூடத் தாமதமானதில்லை. அதனால் அவர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வியே இதுதான்: "திருட்டுக்குத்தானே சார் பணம் கட்டினேன்? திருட்டுதானே நடந்திருக்கு?"

திருட்டு நடந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நகைக்கடைப் பாலிசியில் ஆபத்து என்ன என்பதோடு விஷயம் முடிவதில்லை. அந்த நேரத்தில் பொருள் எங்கே இருந்தது என்பதும் பாலிசியின் பாதி. காலை பதினொரு மணிக்கு ஷோகேஸில் இருக்கும் சங்கிலிக்குக் காப்பு உண்டு. அதே சங்கிலி, அதே ஷோகேஸில், இரவு பன்னிரண்டு மணிக்கு இருந்தால் இல்லை. பாலிசியின் விலக்குகள் பகுதியில் இது ஒரே வரியாக இருக்கும்: இரவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் பொருளுக்கும், வியாபார நேரம் முடிந்தபின் சேஃபுக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கும் பொருளுக்கும் காப்பு கிடையாது. பாலிசியை வாங்கும்போது பெரும்பாலோர் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறது.

எது எங்கே இருந்தது

திருட்டுக் கோரிக்கையில் நான் முதலில் செய்வது, காணாமல் போனவற்றை இடவாரியாகப் பிரிப்பது. தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான். இங்கே மூன்று இடங்கள் இருந்தன.

முதல் இடம், கவுன்டர் ஷோகேஸ். அதில் ஆறு டிரே தங்க நகைகள், 640 கிராம். கடையின் பெரிய சேஃப் பண்டிகைச் சரக்கால் நிறைந்துவிட்டதால், கடைசி ஆறு டிரேக்களை ஷோகேஸிலேயே விட்டு, துணி போர்த்திப் பூட்டியிருக்கிறார்கள். கிராமுக்கு 9,300 ரூபாய் விலையில் 59 லட்சத்து 52 ஆயிரம்.

இரண்டாவது இடம், உள் அறையில் இருந்த சின்ன சேஃப். அதில் 300 கிராம், 27 லட்சத்து 90 ஆயிரம். அது உடைக்கப்படவில்லை, சாவியால் திறக்கப்பட்டிருந்தது. சாவி துவாரத்தைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை. கதவும் கீலும் கெடாமல் இருந்தன. சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அது வழக்கமாக இருக்கும் இடம் கல்லாப்பெட்டி. கல்லாப்பெட்டியின் பூட்டு நெம்பித் திறக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது இடம், சுவரோரக் கண்ணாடி அலமாரிகள். அங்கிருந்து 22 கிலோ வெள்ளிப் பொருட்கள் போயிருந்தன. கிலோ 1.1 லட்சம் என்றால் 24 லட்சத்து 20 ஆயிரம். இவற்றோடு சுவர், கண்ணாடி, பூட்டுகளுக்கு ஏற்பட்ட சேதம் 1 லட்சத்து 40 ஆயிரம்.

பெரிய சேஃபைத் திருடர்கள் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். கைப்பிடியருகே கடப்பாரைத் தடம் இருந்தது. தரையில் கான்கிரீட்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்த அந்தப் பெட்டி அசையவில்லை. கடையின் தங்கத்தில் பெரும்பகுதி அதற்குள் பத்திரமாக இருந்தது.

ஆறு டிரேக்கள்

டிரேக்கள் குறித்துக் கடைத் தரப்பு வைத்த வாதம் கவனமாகக் கேட்கத்தக்கது. வியாபார நேரம் எப்போது முடிகிறது? ஷட்டர் பத்தரைக்கு இறங்கினாலும், பதினொன்றே கால் வரை ஊழியர்கள் உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் வேலை நேரம்தானே?

என் கருத்தில், ஊழியர்கள் உள்ளே இருந்து சரக்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரத்தை வியாபார நேரத்தின் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும். அந்நேரத்தில் கத்தி காட்டி யாராவது கொள்ளையடித்திருந்தால், டிரேக்கள் சேஃபுக்கு வெளியே இருந்தன என்று சொல்லிக் கோரிக்கையை மறுப்பதை நான் ஏற்றிருக்க மாட்டேன். ஆனால் திருடர்கள் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போயும், கேமராக் காட்சிகளின் ஒரு நகல் வெளிச் சேமிப்பில் இருந்தது. அதில் கடைசி ஊழியர் 11.17க்கு வெளியேறுகிறார், சுவர்ப் பக்கம் தூசி விழத் தொடங்குவது 1.50க்கு. இடைப்பட்ட இரண்டரை மணி நேரம் கடையில் ஆள் இல்லை. ஆள் இல்லாத, பூட்டிய கடையை வியாபார நேரத்தில் இருப்பதாகச் சொல்ல வழியில்லை. 59 லட்சத்து 52 ஆயிரமும் விலக்கில் போனது.

சேஃபில் இடமில்லை என்பது விலக்கிலிருந்து தப்பிக்கும் காரணம் ஆகாது. கூடுதல் சரக்கு வரப்போகிறது என்பது முன்பே தெரியும். அந்த வாரத்துக்கு மட்டும் வங்கி லாக்கரில் ஒரு பகுதியை வைத்திருக்கலாம். ஆனால் அப்படி வைப்பதற்கு முன் அந்த முகவரியும் பாலிசியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலிசி காக்கும் இடம் எது என்பது அட்டவணையில் எழுதப்பட்ட முகவரியைப் பொறுத்தது.

வெள்ளிக்கு நிலைமை வேறு. சேஃபுக்கு வெளியே இரவில் இருக்கும் சரக்குக்கும் காப்பு வாங்கலாம். அதற்குத் தனிப் பிரீமியம், தனி வரம்பு. குத்துவிளக்கையும் தாம்பாளத்தையும் தினமும் சேஃபில் அடுக்க முடியாது என்பது காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தெரியும். இந்தக் கடை 20 லட்சம் வரம்பில் அந்தச் சேர்க்கையை வாங்கியிருந்தது. அட்டவணையில் அது "வெள்ளிப் பொருட்கள் மட்டும்" என்று எழுதப்பட்டிருந்தது. அதனால் வெள்ளி உள்ளே வந்தது, டிரேக்கள் வெளியே நின்றன.

சாவி

சின்ன சேஃப் விஷயத்தில்தான் உரிமையாளருக்கு மனம் ஆறவில்லை. "சேஃபுக்குள்ளதானே சார் வெச்சிருந்தோம்? பூட்டிட்டுத்தானே போனோம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான ஆதங்கம்.

ஆனால் பாலிசியில் இன்னொரு விலக்கு இருக்கிறது. சேஃப் அதன் சொந்தச் சாவியாலோ மாற்றுச் சாவியாலோ திறக்கப்பட்டால் இழப்பீடு இல்லை. ஒரே விதிவிலக்கு, அந்தச் சாவி தாக்குதலாலோ மிரட்டலாலோ பறிக்கப்பட்டிருந்தால் மட்டும். கல்லாப்பெட்டியை நெம்பிச் சாவி எடுத்தது பலப்பிரயோகம்தானே என்று கடைத் தரப்பு கேட்டது. அந்த விதி பேசுவது மனிதர் மீது நடக்கும் வன்முறையைப் பற்றி. உரிமையாளர் வீட்டுக்குப் போய் அவர் கழுத்தில் கத்தி வைத்துச் சாவி வாங்கியிருந்தால் காப்பு நின்றிருக்கும். மேஜைப் பூட்டை உடைத்ததற்கு நிற்காது.

இந்த விதி ஏன் இருக்கிறது என்று யோசித்தால் அதன் தர்க்கம் புரியும். சேஃபின் பலம் எஃகில் இருக்கிறது. அதை வெட்ட காஸ் கட்டர் வேண்டும், நேரம் வேண்டும், சத்தமும் புகையும் வரும். சாவி அதே அறையில் இருந்தால், அந்த எஃகுக்குப் பதிலாகத் திருடனை எதிர்த்து நிற்பது கல்லாப்பெட்டியின் சின்னப் பூட்டுதான். பாலிசி எந்தப் பெட்டியை நம்பி விலை போட்டதோ, அந்தப் பெட்டி அன்றிரவு பயனில் இல்லை. அதே சின்ன சேஃபை அவர்கள் வெட்டித் திறந்திருந்தால் 17 லட்சத்துக்கு மேல் கிடைத்திருக்கும். மாலையில் சாவி உரிமையாளரின் பையில் வீட்டுக்குப் போயிருந்தால், அநேகமாக அந்த 300 கிராமும் போயிருக்காது.

பெட்டியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்மொழிவுப் படிவத்தில் "சேஃப்" என்று எழுதிவிட்டுக் கடையில் ஸ்டீல் பீரோ வைத்திருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பீரோ சேஃப் ஆகாது. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் சேஃபுகளுக்கென்றே ஐ.எஸ். 550 என்ற தரத்தை வைத்திருக்கிறது. எடை, தயாரிப்பாளர் பெயர், எந்த வகுப்பு, தரையிலோ சுவரிலோ எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்பவற்றைக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் குறித்துக்கொள்வார். எடை குறைந்த பெட்டியைத் தரையில் இறுக்காவிட்டால் அதை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

சுவரும் அலாரமும் காவலாளியும்

கடைத் தரப்பு பாதுகாப்பு நிபந்தனைகளை மீறியதாகவும் காப்பீட்டு நிறுவனம் இரண்டு குறிப்புகளை எழுப்பியது. ஒன்று, அலாரம் ஒலிக்கவில்லை. இன்னொன்று, காவலாளி.

அலாரம் பழுதாகவில்லை. ஷட்டரில் காந்த உணரி இருந்தது, அது வேலை செய்தது. ஆனால் யாரும் ஷட்டரைத் தொடவில்லை. சுவரில் அதிர்வு உணரியோ, கடைக்குள் நடமாட்ட உணரியோ இல்லை. பெரிய நகைத் திருட்டுகள் பலவற்றில் முன்வாசலை யாரும் தொடுவதில்லை. 2019 அக்டோபரில் திருச்சியிலும் 2021 டிசம்பரில் வேலூரிலும் சுவரில் துளையிட்டுத்தான் உள்ளே போனார்கள். 2023 செப்டம்பரில் டெல்லியின் போகல் பகுதியில் மொட்டை மாடி வழியாக இறங்கி, பெட்டக அறையின் சுவரைத் துளைத்தார்கள். திங்கட்கிழமை வார விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் இப்போது பக்கத்துக் கடையில் யார் இருக்கிறார்கள், மேல்தளம் காலியா, மாடிக் கதவு யார் பொறுப்பில் என்று கேட்கிறார்கள். அல்சூர் கடையின் பக்கத்துக் கடை இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது. அதை யாரும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லவில்லை.

பாலிசியின் சொற்களில் "திருட்டு அலாரம் பொருத்தப்பட்டு இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தது. எந்தச் சுவரில், எந்த வகை என்று இல்லை. பராமரிப்பு ஒப்பந்தமும் கடைசிச் சோதனைச் சீட்டும் கையில் இருந்தன. நிபந்தனை நிறைவேறியது என்றே அறிக்கையில் எழுதினேன். அந்தப் பராமரிப்புச் சீட்டு இல்லாதிருந்தால் வாதம் வேறு திசையில் போயிருக்கும்.

காவலாளி விஷயம் இன்னும் சிக்கல். படிவத்தில் "இரவுக் காவலாளி உண்டு" என்று இருந்தது. உண்மையில் தெருவிலுள்ள கடைக்காரர்கள் சேர்ந்து சம்பளம் கொடுக்கும் ஒரே காவலாளி. அவர் அன்றிரவு பணியில் இருந்தார், கடைக்கு முன்னால் நின்றிருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் தெருவின் மறுகோடியில் இருந்தார். படிவம் "தனிக் காவலாளி" என்று கேட்கவில்லை. கடைக்காரரும் அப்படிச் சொல்லவில்லை. நிறுவனம் இறுதியில் இதை வைத்து மறுக்கவில்லை. ஆனால் படிவத்தை நிரப்பியவர் ஏஜென்ட். உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். "தனியாக, 24 மணி நேரமும்" என்று ஏஜென்ட் ஆர்வத்தில் எழுதியிருந்தால், வெள்ளிக்கான தொகையும் ஆபத்தில் விழுந்திருக்கும். படிவத்தில் இருக்கும் ஒவ்வொரு "உண்டு"வும் கடைக்காரர் கொடுக்கும் வாக்கு.

இரண்டரைக் கோடியும் நான்கு கோடியும்

இனி வெள்ளிக்கான கணக்கு. 24.2 லட்சம் இழப்பு, வரம்போ 20 லட்சம். அப்படியென்றால் 20 லட்சம் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பாலிசி 2024 ஆகஸ்ட் இறுதியில் புதுப்பிக்கப்பட்டது. அப்போது பெங்களூருவில் 22 காரட் தங்கம் கிராம் 6,700 ரூபாய் அளவில் இருந்தது. அந்த விலையில் 2.5 கோடி என்பது கடையின் சரக்குக்கு ஏறத்தாழச் சரியான தொகை. ஒரு வருடத்துக்குள் விலை 9,300 ஆனது. பண்டிகைக்காகச் சரக்கும் கூடியது. திருட்டு நடந்த இரவில் கடையில் இருந்தது 3,400 கிராம் தங்கமும் 76 கிலோ வெள்ளியும்; மொத்தம் ஏறத்தாழ 4 கோடி. 4 கோடிச் சரக்கை 2.5 கோடிக்குக் காப்பீடு செய்தால், பாலிசியின் சராசரி விதிப்படி எந்த இழப்பிலும் எட்டில் ஐந்து பங்குதான் நிறுவனம் தரும். மீதி மூன்று பங்குக்கு உரிமையாளரே தன் காப்பீட்டாளர்.

24.2 லட்சத்தில் 62.5 சதவீதம் 15 லட்சத்து 12 ஆயிரத்து 500. உரிமையாளர் ஏற்கவேண்டிய முதல் 25,000 கழித்தால் 14 லட்சத்து 87 ஆயிரத்து 500. ஷோகேஸ், சுவர் சேதத்துக்கு நான்காவது பிரிவில் காப்புத் தொகை போதுமானதாக இருந்ததால் 1 லட்சத்து 40 ஆயிரமும் முழுமையாகச் சேர்ந்தது. அப்படித்தான் 16 லட்சத்து 27 ஆயிரத்து 500.

தங்கம் விலை ஏறும்போது நகைக்கடைக்காரர் தன் சரக்கின் மதிப்பு உயர்வதை மகிழ்ச்சியோடு பார்க்கிறார். காப்பீட்டுப் பக்கம் அதே நாளில் பற்றாக்குறை வளர்கிறது. பாலிசி நடுவிலேயே காப்புத் தொகையை உயர்த்தலாம். மீதமுள்ள நாட்களுக்கு மட்டும் கூடுதல் பிரீமியம் கட்டினால் போதும். இந்தப் பாலிசி இழப்புக்குச் சற்று முந்தைய சந்தை மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. கொள்முதல் விலையை அடிப்படையாக வைக்கும் பாலிசிகளும் உண்டு, அவற்றில் கணக்கு மாறும். எப்படியானாலும் வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் சேதாரத்தில் இருக்கும் லாபம் இழப்பீட்டில் சேராது.

கணக்கை நிரூபித்தது

ஒன்றைப் பாராட்டாகவே சொல்ல வேண்டும். என்ன போனது என்பதில் தகராறே வரவில்லை. ஒவ்வொரு டிரேக்கும் எண், எடை, உருப்படி எண்ணிக்கை கொண்ட இரவுச் சீட்டு இருந்தது. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளின் விற்பனைக்குக் கட்டாயமான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளக் குறியீடுகள் கணக்குப் பதிவில் உருப்படிவாரியாக இருந்தன. கொள்முதல் சீட்டுகளும் ஜி.எஸ்.டி. கணக்கும் அதோடு ஒத்துப்போயின. இந்தப் பதிவுகள் இல்லாத கடைகளில், சரக்கு இருப்பைக் கணக்கெடுக்கும்போது தெரியவரும் குறைவுக்குக் காப்பு இல்லை என்ற விலக்கை நிறுவனம் முன்வைக்கும். அங்கிருந்து மீள்வது கடினம்.

இடவாரிப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. காவல்துறை பிறகு நகைகளை மீட்டால், டிரேக்களிலும் சின்ன சேஃபிலும் இருந்தவை முழுக்க உரிமையாளருக்கே போகும். அவற்றுக்கு நிறுவனம் எதுவும் தரவில்லை. வெள்ளி மீட்கப்பட்டால் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. எந்த உருப்படி எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால் அந்தப் பங்கீடு இன்னொரு வழக்காகிவிடும். கர்நாடகத்தில் குற்றவாளி கிடைக்காத வழக்குகளுக்குக் காவல்துறை தரும் 'சி' அறிக்கையை நிறுவனங்கள் கேட்கும். இங்கே அதற்காகக் காத்திருக்காமல், மீட்கப்பட்டால் பங்கு தருவதாக உரிமையாளர் எழுதிக்கொடுத்த கடிதத்தின் பேரில் தொகை வழங்கப்பட்டது.

பகல் நேரத்து ஷோகேஸ்

பகலில் ஷோகேஸ் சரக்குக்குக் காப்பு உண்டு என்றேன். அதிலும் ஓர் இடறல் இருக்கிறது. வாடிக்கையாளர், தரகர், பொற்கொல்லர் ஆகியோரிடம் ஒப்படைத்த பொருளை அவர்களே திருடினால் பாலிசி தராது. வாங்க வந்தவர்போல் நடித்து நகையோடு ஓடுபவரும் வாடிக்கையாளர்தான் என்று சொல்லி மறுப்பது வழக்கமாக இருந்தது. 2007இல் நேஷனல் இன்ஷூரன்ஸ் எதிர் ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், விலக்கு பொருந்தும் என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது என்றும், பொருள் ஒப்படைக்கப்பட்டதா என்பதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. பார்ப்பதற்காகக் கவுன்டரில் நீட்டுவது ஒன்று, வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்பவரிடம் கொடுத்தனுப்புவது வேறு. ஊழியரின் நேர்மையின்மைக்கு இந்தப் பாலிசியில் அடிப்படைக் காப்பு இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும்.

புதுப்பித்தபோது

அல்சூர் கடையின் பாலிசி சில வாரங்களில் புதுப்பிக்கப்பட்டது. காப்புத் தொகை 4.5 கோடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலையைப் பார்த்து உயர்த்துவதாக ஏற்பாடு. நிறுவனம் புதிதாகக் கேட்டவை: பொதுச் சுவரின் உள்பக்கம் இரும்புத் தகடு, அதிர்வு உணரி, அலாரம் அடித்தால் மூன்று கைபேசிகளுக்குத் தானாக அழைப்பு போகும் இணைப்பு. சின்ன சேஃப் போய் இன்னொரு பெரியது வந்தது. டிரேக்களின் அளவும் அதன் தட்டுகளுக்குப் பொருந்தும்படி மாற்றப்பட்டது. பழைய டிரேக்கள் சேஃபின் தட்டைவிட அகலம் என்பதால் நகைகளைப் பையில் கொட்டி வைக்க வேண்டியிருந்தது. இரவில் களைத்த ஊழியர்கள் அவற்றை ஷோகேஸிலேயே விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது வியாபாரம் ஒன்பதரைக்கு நிற்கிறது, பண்டிகை நாளானாலும். இரண்டு சேஃபுகளின் சாவிகள் உரிமையாளரோடும் அவருடைய மைத்துனரோடும் தனித்தனியே வீட்டுக்குப் போகின்றன. மாற்றுச் சாவிகள் வங்கியில் இருக்கின்றன.

வெள்ளிக்கான வெளிச் சேர்க்கையின் வரம்பு 40 லட்சம் ஆனது. தங்கத்துக்கும் அதைக் கேட்டுப் பார்த்தார்கள். நிறுவனம் சொன்ன பிரீமியத்தைக் கேட்டபின், இரண்டாவது சேஃப் வாங்குவதே மலிவு என்று உரிமையாளர் முடிவு செய்தார்.